தாடிக்கொம்புக்கு எப்போது அனுப்பலாம்?

“இவர் மறுபடியும் யாரையாவது அடிப்பாரா?” ஃபோரென்சிக் வார்டில் வேலை பார்க்கிற உளவியலாளரிடம் எல்லாரும் கேட்பது இதைத்தான். நீதிமன்றம் கேட்கும், நைட் டியூட்டி நர்ஸ் கேட்பாங்க, அவரைப் பெத்த அம்மாவும் கேட்பாங்க. இந்தக் கேள்விக்கு ஒரு அறிக்கையில் எப்படிப் பதில் எழுதுறோம்னு இன்னைக்கு ஒரு கேஸை வெச்சுச் சொல்றேன்.

குற்ற வழக்கில் இருக்கிற, மனநோய்க்கு சிகிச்சை தேவைப்படுகிறவர்களுக்கான வார்டுதான் ஃபோரென்சிக் வார்டு. சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் அப்படி இருக்கு. நான் வேலை பார்த்த இடத்தைச் சொல்லப் போறதில்லை. கேஸும் பல பேருடைய விவரங்களைக் கலந்து மாத்தினது. தாடிக்கொம்பு எனக்குப் பழக்கமான ஊர், அதனால கதையை அங்கே கொண்டுபோய் வெச்சிருக்கேன்.

அவருக்கு 34 வயசு. தம்பின்னு சொல்லிக்கிறேன். திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் வேலை. ஸ்கிசோஃப்ரினியாவுக்கு மாத்திரை எடுத்துக்கிட்டு நல்லாவே இருந்தார். நைட் ஷிப்ட் போட்டாங்க. மாத்திரை போட்டா மிஷின் முன்னாடி கண்ணு சொக்குது, சூப்பர்வைசர் திட்டுறார். மாத்திரையை நிறுத்திட்டார். கொஞ்ச நாளில் தூக்கம் போச்சு. சோத்துல அண்ணன் ஏதோ கலக்கிறார்னு நினைப்பு வந்தது, குடியும் சேர்ந்தது. ஒரு சாயங்காலம் கிணத்து மோட்டார் முறைக்காக வாய்த்தகராறு. மண்வெட்டிக் காம்பால் அண்ணனை அடிச்சதில் கை உடைஞ்சு, தலையில் தையல்.

செய்வது இன்னதென்று அறிய முடியாத மனநிலையில் இருந்தார் என்று நீதிமன்றம் விடுவித்தது. பழைய ஐபிசி 84, இப்போ பிஎன்எஸ் 22. ஆனா விடுதலைன்னா அன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்னு அர்த்தமில்லை. பாதுகாப்பான காவலில் வைக்கலாம், இல்லைன்னா யாருக்கும் தீங்கு வராமல் பார்த்துக்குறேன்னு பொறுப்பேற்கும் உறவினரிடம் ஒப்படைக்கலாம். அதனால வார்டுக்கு வந்தார். 14 மாசம் ஒரு சண்டை கிடையாது. காலையில் செடிக்குத் தண்ணி ஊத்துவார்.

நான் எழுதின முதல் அறிக்கை ரொம்பச் சின்னது: “வார்டில் அமைதியாக இருக்கிறார். வன்முறை அபாயம் குறைவு.” என் சீனியர் அதைப் படிச்சுட்டு ஒரே கேள்வி கேட்டார். “அவங்கண்ணன் வார்டுல இருக்காராம்மா?”

வார்டில் அண்ணன் இல்லை. குடி இல்லை, நைட் ஷிப்ட் இல்லை. மாத்திரையை நர்ஸ் கையில் கொடுத்து வாயைத் திறந்து பார்க்கிறாங்க. அவர் எந்தச் சூழ்நிலையில் அடிச்சாரோ அது மொத்தமும் இங்கே இல்லை. வெளியே என்ன ஆகும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

தப்பு எதிர்ப்பக்கமும் நடக்கும். 1966ல் அமெரிக்காவில் பாக்ஸ்ட்ராம் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு, ஆபத்தானவர்கள்னு நியூயார்க்கில் வருஷக்கணக்காக அடைச்சு வெச்சிருந்த ஆயிரம் பேர் வரைக்கும் சாதாரண மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்டாங்க. பின்தொடர்ந்து பார்த்தப்போ பெரும்பாலானவங்க வன்முறையில் இறங்கவே இல்லை. டாக்டரோட உள்ளுணர்வை மட்டும் நம்பக் கூடாதுன்னு புரிஞ்சது. அதுக்காக வெறும் மார்க் போட்டுக் கூட்டினாலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு தெரியாது. இரண்டுக்கும் நடுவில் வந்ததுதான் ஸ்ட்ரக்சர்ட் புரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட். எதையெல்லாம் பார்க்கணும் என்பதை ஆராய்ச்சி சொல்லும், முடிவை மனுஷன் காரணத்தோட எழுதணும்.

அதுக்கு அதிகம் பயன்படுற கருவி ஹெச்சிஆர்-20. மூணாவது பதிப்பு 2013ல் வந்தது. இருபது விஷயங்கள்: பத்து கடந்த காலம், ஐந்து இப்போதைய நிலை, ஐந்து இனி வரப்போகிற சூழல். ஒவ்வொண்ணுக்கும் இரண்டு கேள்வி. இவரிடம் இது இருக்கா? இருந்தா, இவருடைய வன்முறைக்கும் இதுக்கும் என்ன தொடர்பு? கடைசியில் கூட்டல் கிடையாது. உதாரணமா ‘வேலை’ என்கிற தலைப்பு. பொதுவா வேலை நிலைக்காததுதான் பிரச்சினையா இருக்கும். தம்பிக்கு வேலை இருந்தது, அந்த வேலையோட ராத்திரிதான் பிரச்சினை. இது மார்க்கில் தெரியாது.

வரப்போகிற சூழலுக்கான ஐந்தையும் வார்டுக்குள்ளேயா, வெளியேயா என்று முதலில் தீர்மானிச்சுட்டுத்தான் குறிக்கணும். நான் விட்டது அதைத்தான்.

மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிச்சேன். எஃப்ஐஆர், காயச் சான்றிதழ், பழைய ஓபி சீட்டு எல்லாம் படிச்சேன். அம்மாகிட்ட பேசினேன். “அவன் அப்பிடி ஆளே இல்ல தாயி”ன்னு அழுதாங்க. அப்புறம் அண்ணனுக்கு போன். அடிபட்டவரிடம் கேட்பது சங்கடம்தான், ஆனா முக்கியமானது அவரிடம்தான் கிடைச்சது. “அதுக்குப் பத்து நாள் முன்னாடியே வீட்டுச் சாப்பாடு தொடல மேடம். தினம் கடைல பரோட்டா பார்சல். காசு கொழுப்புன்னு நெனச்சோம்.” மூணு வருஷம் முன்னாடி ஒரு தடவை மாத்திரை விட்டப்பவும் இதே மாதிரி பரோட்டா, அப்புறம் தட்டை விட்டெறிஞ்சாராம். எந்தக் காகிதத்திலும் இது இல்லை.

இதையெல்லாம் கோர்த்து, ஏன் நடந்தது என்பதைச் சொல்லும் பத்திக்குப் பேர் ஃபார்முலேஷன். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

“இரவு வேலையில் விழித்திருக்க மாத்திரையை நிறுத்தும்போது இவருக்குத் தூக்கம் குறைந்து, உணவில் விஷம் இருப்பதாக நம்பிக்கை வருகிறது. மது அதைக் கூட்டுகிறது. அந்த நிலையில் சொத்து பற்றிய வாக்குவாதம் வந்தால், தன்னைக் காத்துக்கொள்வதாக நினைத்து, தான் சந்தேகிக்கும் குடும்பத்தாரைத் தாக்கக்கூடும்.”

அடுத்தது, என்னென்ன நடக்கலாம்னு காட்சிகளா எழுதுவது. முதல் காட்சி, அதே மாதிரி அண்ணன் மேல. இரண்டாவதை எழுதும்போது எனக்கே கை நின்னுச்சு: அண்ணன் தனியா போயிட்டா சோறு போடப்போறது அம்மா. சந்தேகம் அவங்க பக்கம் திரும்பலாம். “அண்ணனை விலக்கி வெச்சா போதும்”னு எல்லாரும் பேசிக்கிட்டிருந்த திட்டம் அங்கேயே விழுந்தது.

அதனால ஏற்பாடும் மாறுச்சு. தினசரி மாத்திரைக்குப் பதிலா மாசம் ஒரு ஊசி, திண்டுக்கல் அரசு மருத்துவமனையில். பகல் வேலை மட்டும். முதல் மூணு மாசம் பக்கத்துத் தெருவில் மாமா வீட்டில் தங்கல். ஊசி ஒரு வாரம் தள்ளிப் போனாலோ, தூக்கம் கெட்டாலோ, வீட்டுச் சாப்பாட்டை ஒதுக்கினாலோ யாருக்கு போன் பண்ணணும், ராத்திரின்னா எங்கே கூட்டிட்டு வரணும் என்பதும் அதிலேயே இருக்கு.

முடிவுரையில் ‘குறைவு’ன்னு ஒத்தை வார்த்தை இல்லை. வார்டில் குறைவு. ஏற்பாடு இல்லாமல் வீட்டுக்குப் போனால் அதிகம், பெரிய காயம் வரைக்கும் போகலாம். ஏற்பாட்டோடு போனால் நடுத்தரம், மூணு மாசத்தில் மறுமதிப்பீடு. நீதிமன்றத்தில் “எத்தனை சதவீதம்?”னு கேட்டாங்க. தனி ஒருத்தருக்கு அப்படி நம்பர் சொல்ல இந்த முறையில் இடமில்லைன்னு சொல்லிட்டு, காட்சிகள் இருக்கிற பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

அனுப்புறதுக்கு முன்னாடி, தம்பி சம்மதத்தோட, வீட்டுக்குத் தேவையானதை மட்டும் ஒரு பக்கமா தமிழில் எழுதி அண்ணனிடம் கொடுத்தோம். நின்னுக்கிட்டே மெதுவா படிச்சார். “மத்ததெல்லாம் சரி மேடம். அந்த பரோட்டா விஷயத்தை மட்டும் பெரிய எழுத்துல எழுதிக் குடுங்க, அம்மாவுக்குக் கண்ணு தெரியாது”ன்னார். எழுதிக் கொடுத்தேன்.