அழாத குழந்தையும் ஐந்தாண்டுப் பதிவும்

மாட்டுங்காவில் கூடியிருக்கும் நம்மில் பலருக்கு, தாராவியிலிருந்து சயான் மருத்துவமனைக்கு வரும் வழியிலேயே பிறந்துவிடும் குழந்தைகளைத் தெரியும். செம்பூர் செவிலியரும் 108 வண்டிக்காரர்களும் இங்கே ஒன்றாக உட்கார்ந்திருப்பதற்கு அதுவே காரணம்.

இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிமுறை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க 150 மணி நேரத் தொடர்கல்வி கேட்கிறது. அந்த மணிக்கணக்கில் பெரும்பகுதி நாற்காலியில் உட்கார்ந்த நேரம். கை என்ன செய்தது என்பதற்கு அதில் இடமில்லை.

ஒரு தேர்வு மேசையைப் பார்ப்போம். பொம்மைக் குழந்தை அழவில்லை. தேர்வர் துடைக்கிறார், முதுகைத் தேய்க்கிறார், மூச்சில்லை. முதல் நிமிடத்துக்குள் அம்பு பேக்கை எடுத்து, நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை அழுத்த வேண்டும். அவர் எடுக்கிறார், வேகமாகவே அழுத்துகிறார். மதிப்பீட்டாளர் 'காற்று கொடுத்தார்' என்ற கட்டத்தில் டிக் போடுகிறார். ஆனால் நெஞ்சு எழும்பவே இல்லை! மாஸ்க்கின் கன்னத்து ஓரத்தில் காற்று கசிகிறது. போதாக்குறைக்குத் தலையும் அளவுக்கு மீறிப் பின்னால் சாய்ந்து தொண்டை அடைபட்டிருக்கிறது. தெரிந்தவர் உடனே தலையைச் சற்று முன்னுக்குக் கொண்டுவருவார், மாஸ்க்கை மறுபடி பொருத்துவார், வாயில் சளி இருக்கிறதா என்று பார்த்து, வாயைக் கொஞ்சம் திறந்து மீண்டும் அழுத்துவார். எத்தனையாவது அழுத்தலில் நெஞ்சு எழும்பியது என்பதுதான் நான் எழுதச் சொல்லும் குறிப்பு. டிக் அதைச் சொல்லாது.

பேக்கைச் சோதிப்பதும் அப்படியே. மாஸ்க்கை உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் கையில் அழுத்தம் தெரிய வேண்டும்; தெரியாவிட்டால் எங்கோ ஓட்டை. பணி தொடங்கும்போது இதைச் செய்கிறவர்களை எண்ணிவிடலாம்.

தான்சானியாவின் ஹைடம் மருத்துவமனை அனுபவம் நமக்குப் பாடம். ஒருநாள் பயிற்சிக்குப் பிறகு, மாதங்கள் கழித்தும் பொம்மையிடம் திறன் மேம்பட்டே இருந்தது. பிரசவ அறையில் மாற்றம் வரவில்லை. பின்னர் அறைக்குள்ளேயே வாரந்தோறும் சில நிமிடம் பயிற்சி செய்யத் தொடங்கியதும், பிறந்த முதல் நாளில் இறக்கும் குழந்தைகள் குறைந்தார்கள். அடிப்படை உயிர்காப்புச் சான்றிதழ் இரண்டாண்டு செல்லும் என்கிறார்கள். கை அதற்குள் மறந்துவிடுகிறது.

ஆகவே நான் கேட்பது தடிமனான கோப்பு அல்ல. தேதி, எந்தத் திறன், முதல் முயற்சியில் எது தவறியது, திருத்திய பின் என்ன ஆனது, பார்த்தவர் கையெழுத்து: ஒரு வரி போதும். இதில் ஒரு சிக்கல் உண்டு. தவறியதை எழுதினால் மேலதிகாரி கேள்வி கேட்பார் என்று தெரிந்தால், எல்லா வரியும் முதல் முயற்சியிலேயே வெற்றி என்று வந்துவிடும். அந்தப் பக்கங்கள் வார்டிலேயே இருக்கட்டும், தேர்ச்சி பெற்ற தேதி மட்டும் கவுன்சிலுக்குப் போகட்டும் என்பது என் கருத்து. மதிய அமர்வில் இதை மறுக்க வருகிறவர்களுக்கு முதலில் மைக் கொடுக்கும்படி அமைப்பாளர்களிடம் சொல்லியிருக்கிறேன்.