"ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?"

(தோட்ட இளைஞர் கழகக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



சாதாரண தரம், உயர்தரம் முடித்துவிட்டு கடை, ஹோட்டல், வங்கி, பாலர் பாடசாலை என்று வேலைக்கு விண்ணப்பிக்கும் நமது பிள்ளைகள் விண்ணப்பத்தைக் கொண்டு வந்து என்னிடம் காட்டுவதுண்டு. படித்த பாடசாலையும் பெறுபேறும் ஆளுக்கு ஆள் வேறு. பொழுதுபோக்கு என்ற இடத்தில் மட்டும் எல்லாரும் ஒரே ஆள் எழுதின மாதிரி இருக்கும். "புத்தகம் வாசித்தல், பாட்டுக் கேட்டல், கிரிக்கெட்." யாரோ ஒருவர் எழுதினதைப் பார்த்து மற்றவர் எழுதி, அதைப் பார்த்து தம்பி எழுதி, இப்படியே லயத்துக்கு லயம் போயிருக்கிறது.

நேர்முகப் பரீட்சைக்குப் போனதும் அங்கே உட்கார்ந்திருக்கிறவர் அந்த வரியைத்தான் பிடிப்பார். "வாசிப்பீங்களா, நல்லது. கடைசியா என்ன புத்தகம் வாசிச்சீங்க?" பிள்ளை முழிக்கும். புத்தகம் வாசிக்காதது அங்கே குற்றமில்லை. ஆனால் விண்ணப்பத்தில் எழுதிய ஒரு வரி உண்மையில்லை என்று தெரிந்தால், மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். விண்ணப்பத்துக்கு அது பெரிய சேதம்.

இந்தக் கேள்வியை எதற்குக் கேட்கிறார்கள்? பிள்ளையின் பயம் தெளியட்டும் என்றும் கேட்பார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தை விட்டு நேரே வருகிற பிள்ளைக்கு முன் அனுபவம் என்று காட்ட ஒன்றும் இருக்காது. யாரும் கட்டாயப்படுத்தாத, சம்பளமும் இல்லாத ஒரு காரியத்தை இந்தப் பிள்ளை எப்படிச் செய்கிறது என்று பார்த்தால், வேலையில் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் ஊகிக்கலாம். ஆரம்பித்ததை முடிக்குமா, மற்றவர்களோடு ஒத்துப் போகுமா, இடைஞ்சல் வந்தால் என்ன செய்யும் என்பதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். நகரத்து மொத்தக் கடை ஒன்றில் களஞ்சிய உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். அவரும் மேலே சொன்ன மூன்றையும்தான் எழுதியிருந்தார். "உண்மையிலேயே ஓய்வு நேரத்துல என்ன தம்பி செய்றீங்க?" என்று கேட்டேன். "ஒன்னும் இல்லைங்க சேர்" என்றார். "மாசி மாதத்தில?" என்றேன். முகம் மாறிவிட்டது. அவர் காமன் கூத்து ஆடுகிறவர். 5 வருடமாக ரதி வேடம் கட்டுகிறார்.

நமக்குத் தெரியும், கம்பம் ஊன்றிய நாள் முதல் காமன் தகனம் வரை அது லேசான காரியமல்ல. பகலில் வேலை, இரவில் ஆட்டம். காப்புக் கட்டினால் விரதம். பாட்டு அத்தனையும் மனப்பாடம். தப்பு அடிக்கு அடி தவறக்கூடாது. இவ்வளவையும் செய்கிற பிள்ளை "ஒன்னும் இல்லை" என்கிறது! "கூத்தை எப்படி சேர் அங்க போய்ச் சொல்றது, சிரிப்பாங்களே" என்பதுதான் அவருடைய கவலை.

சும்மா "கூத்து ஆடுவேன்" என்று மட்டும் சொன்னால் அதுவும் கிரிக்கெட் என்று சொல்வது போலத்தான், வெறும் பெயர். ஆகவே மூன்று விடயம் கேட்டேன். எப்போதிருந்து? அதில் உங்கள் கையால் செய்கிற வேலை எது? ஏதாவது சிக்கல் வந்து நீங்கள் சரிப்படுத்தியது உண்டா? பேசப் பேச வந்தது. வேடம் கட்டுகிறதோடு, உடுப்பு, முடி, சலங்கை, நகை எல்லாம் வைக்கிற பெட்டிக்கும் அவர்தான் பொறுப்பு. ஒரு வருடம் ஆட்டம் முடிந்து பார்த்தால் இரண்டு சோடிச் சலங்கை இல்லை. யார் எடுத்தது என்று சண்டை. அடுத்த வருடத்திலிருந்து அவர் ஒரு கொப்பி போட்டு, கொடுக்கும்போது பெயரும் எண்ணிக்கையும் எழுதி, விடியும்போது எண்ணி வாங்கி வைத்திருக்கிறார். அதன் பிறகு ஒன்றும் தொலையவில்லை.

பாருங்கள், களஞ்சிய வேலையே இதுதானே! அவரை இப்படிச் சொல்லிப் பழகச் சொன்னேன்:

"எங்க தோட்டத்துல மாசி மாதம் காமன் கூத்து நடக்கும் சேர். நான் 5 வருசமா அதுல ஆடுறேன். உடுப்பு, சாமான் பெட்டியும் என் பொறுப்பு. ஒரு வருசம் சலங்கை தொலைஞ்சதால, அடுத்த வருசம் கொப்பி போட்டு எழுதிக் கொடுத்து எண்ணி வாங்கினேன். இப்ப வரைக்கும் சாமான் குறையல."

அரை நிமிடம்கூட ஆகாது. இதில் "நான் பொறுப்பானவன்", "நேர்மையானவன்" என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதை நாமே சொன்னால் தற்பெருமை. செய்ததைச் சொல்லி நிறுத்திவிட்டால் கேட்கிறவரே அந்த முடிவுக்கு வருவார். மேலே கேள்வி கேட்டாலும் பயமில்லை, நடந்ததுதானே. கேட்பவருக்குக் கூத்து தெரியாமல் இருந்தால் ஒரு வசனத்தில் விளக்கினால் போதும். மன்மதன் கதையை முழுக்க ஆரம்பித்துவிடக் கூடாது.

இதே தம்பி ஹோட்டல் வேலைக்குப் போவதாக இருந்தால் கொப்பிக் கதை அவ்வளவு உதவாது. இரவு முழுக்க ஆடிவிட்டு விடிந்ததும் வேலைக்குப் போனதையும், கூட்டத்துக்கு முன்னால் கூச்சமில்லாமல் நிற்பதையும் சொல்ல வேண்டும். பாலர் பாடசாலைக்கு விண்ணப்பிக்கிற தங்கச்சி கோயில் பசனையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லலாம். பொழுதுபோக்கு ஒன்றுதான். எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்பதை வேலையைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

எழுதியது வெறும் நிரப்பல்தானா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். அண்ணனையோ அக்காவையோ "கடைசியாக எப்போது செய்தாய்?" என்று கேட்கச் சொல்லுங்கள். நாளும் இடமும் உடனே வாயில் வராவிட்டால் அந்த வரியை வெட்டிவிடுங்கள். மூன்று எழுதுவதைவிட உண்மையான ஒன்று போதும். சிங்களத்தில் கேட்பார்கள் என்று தெரிந்தால் அந்த நாலு வசனத்தை சிங்களத்திலும் சொல்லிப் பாருங்கள். ஆனால் சொல்லுக்குச் சொல் பாடமாக்க வேண்டாம். நடுவில் ஒரு கேள்வி வந்தால் தடம் மாறிவிடும். கைத்தொலைபேசி பார்ப்பது, நண்பர்களோடு சுற்றுவது எல்லாருக்கும் உள்ளதுதான், அதைப் போய்ச் சொல்லத் தேவையில்லை. கட்சி விடயத்தையும் அங்கே இழுக்காதீர்கள்.

கூட்டத்தில் ஒரு தாய் கேட்டார்: "சேர், நான் மலைக்குப் போயிட்டா மகதான் தம்பிமார பாத்து, சோறாக்கி, வீட்டுக்குப் பின்னால லீக்ஸ் பாத்தியும் பாக்குது. அதுக்குப் பொழுதே இல்லையே, எங்க போறது பொழுதுபோக்குக்கு?"

அம்மா, அந்த லீக்ஸ் பாத்தியையே மகள் எழுதட்டும். நாற்று மேடையில் விதை போட்டு, பிடுங்கி நட்டு, தண்டு வெள்ளையாக வருவதற்கு மண் அணைத்து, மாதக்கணக்கில் பார்த்துத்தான் ஒரு கட்டு லீக்ஸ் வருகிறது. போன போகத்தில் எத்தனை நாற்று நட்டது, எது அழுகியது, அதற்கு என்ன செய்தது, விற்ற காசை எப்படிக் கணக்கு வைத்தது என்று மகளிடமே கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். தம்பிமாரைப் பார்ப்பதைப் பொழுதுபோக்கு என்று போட வேண்டாம், அது வீட்டுப் பொறுப்பு. "வீட்டில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் அப்போது சொல்லலாம்.