வேண்டாமென்று எழுதும் கடிதம்

உத்தியோகம் வேண்டி எழுதும் விண்ணப்பத்துக்கு மாதிரிகள் ஏராளம். கிடைத்த உத்தியோகத்தை வேண்டாமென்று எழுத நேரும்போதுதான் பேனா தயங்குகிறது. பலர் எழுதாமலே இருந்துவிடுகிறார்கள். வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இந்த மௌனம் சற்று அதிகமாகவே தீங்கு செய்யும். இங்கே வேலை என்பது பெரும்பாலும் யாரோ ஒருவர் சொல்லிக் கிடைப்பது. சொன்னவரும் தந்தவரும் அடுத்த மாதமே சங்கத்துக் கூட்டத்தில் எதிரே அமர்ந்திருப்பார்கள்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நாகபுரியில் நெடுநாளாகக் குடியிருக்கும் தமிழர் ஒருவர் அச்சகம் நடத்துகிறார். ஒரு பெரியவரின் சிபாரிசின்பேரில், வணிகவியல் படித்த இளைஞர் ஒருவரை மாதம் 32,000 ரூபாய் சம்பளத்தில் கணக்காளராக அழைத்து ஜூன் 5ஆம் தேதி கடிதம் எழுதுகிறார். 15ஆம் தேதிக்குள் பதில் வேண்டும். ஜூலை 1ஆம் தேதி வேலையில் சேர வேண்டும். இதற்கிடையே போபாலிலிருந்து 41,000 ரூபாய்க்கு வேறோர் அழைப்பு வருகிறது. இளைஞர் போபாலுக்குச் செல்லத் தீர்மானிக்கிறார். இதில் தவறொன்றும் இல்லை. இனி அவர் செய்ய வேண்டியது என்ன?

முதலாவதாக, போபால் வேலை எழுத்தில் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொலைபேசியில் ஒருவர் சொன்ன வார்த்தையை நம்பி நாகபுரிக்கு மறுப்பு எழுதிவிட்டு, இரண்டையும் இழந்தவர்கள் உண்டு. சம்பளமும் சேரும் தேதியும் குறித்த கடிதம் கைக்கு வர வேண்டும். அதற்குத் தம் சம்மதத்தை அனுப்ப வேண்டும். இந்த இரண்டும் முடிந்தபிறகு ஒருநாள்கூடத் தாமதிக்கலாகாது. கெடு 15ஆம் தேதி வரை இருக்கிறதே என்று காத்திருப்பது நியாயமன்று. அந்த நாட்களில்தான் அச்சக உரிமையாளர், தாம் இரண்டாவதாக விரும்பிய ஆளைக் கைநழுவ விடுகிறார். நம்மீது பின்னாளில் ஏற்படும் மனத்தாங்கல் பெரும்பாலும் மறுப்பினால் வருவதன்று, தாமதத்தினால் வருவது.

அடுத்து, சிபாரிசு செய்த பெரியவர். உரிமையாளர் வாயிலாக அவர் இதைக் கேள்விப்படக் கூடாது. காலையில் பெரியவருக்கு ஒரு வார்த்தை, உடனே உரிமையாளருக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை, அன்று மாலைக்குள் கடிதம் என்று அமைந்தால் ஒருவருக்கும் தலைகுனிவு இல்லை. தொலைபேசியில் பேசிவிட்டோமே, கடிதம் எதற்கு என்று கேட்கலாம். பேச்சு மரியாதைக்கு, கடிதம் அவருடைய கோப்புக்கு.

கடிதம் ஏறத்தாழ இவ்வாறு இருக்கலாம்:

"பெருமதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். கணக்காளர் பணிக்கு என்னை அழைத்துத் தாங்கள் ஜூன் 5ஆம் தேதி எழுதிய கடிதத்துக்கு மனமார்ந்த நன்றி. போபாலில் வேறொரு பணியை நேற்று ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆகையால் தங்கள் அழைப்பை ஏற்க இயலவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். நேர்காணலன்று தாங்கள் காகிதக் கொள்முதல் கணக்கை விரித்து வைத்து அரைமணி நேரம் விளக்கியதை நான் மறக்கவில்லை. அதில் கற்றது எனக்கு எங்கும் பயன்படும். தங்களிடம் கொடுத்த மூலச் சான்றிதழ்களைச் சனிக்கிழமை காலை நேரில் வந்து பெற்றுக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். தங்கள் அன்புள்ள..." என்று கையொப்பம்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இக்கடிதத்தின் சொற்களைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறேன். தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. 'தங்கள் பெருந்தன்மையை எண்ணி, என் குடும்பச் சூழ்நிலையையும் கருதி' என்று வாக்கியத்தை நீட்டிக்கொண்டே போனால், படிப்பவர் ஏற்பா மறுப்பா என்று தெரியாமல் கடைசிச் சொல்வரை காத்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு இத்தொல்லை குறைவு. இந்தியில் எழுதுவோருக்கு நம்மைப் போலவே உண்டு. எனவே மறுப்பைச் சொல்லும் வாக்கியம் குறுகியதாக இருக்கட்டும். நயங்களை வேறு வாக்கியங்களில் வைத்துக்கொள்ளலாம்.

'ஒப்புக்கொண்டேன்' என்று எழுதாமல் 'ஒப்புக்கொண்டுவிட்டேன்' என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். அந்த 'விட்டேன்' என்ற துணைவினை, காரியம் முடிந்துவிட்டது, இனி மாறாது என்பதை ஒரு கடுஞ்சொல்லும் இன்றி உணர்த்திவிடுகிறது. இதற்கு மாறாக, 'தற்சமயம் ஏற்க இயலாத நிலையில் இருக்கிறேன்' என்று எழுதுவோர் பலர். எழுதியவர் அதைப் பணிவு என்று எண்ணுகிறார். படித்தவரோ, 'தற்சமயம் என்கிறானே, சம்பளத்தைக் கூட்டினால் வருவான் போலும்' என்று எண்ணி ஆளுக்குத் தேடாமல் இருந்துவிடுகிறார்.

கடிதத்தில் சம்பளப் பேச்சே இல்லை. 9,000 ரூபாய் வித்தியாசத்தை எழுதிவிட்டால், அச்சக உரிமையாளர் 'உனக்கு என் இடம் போதவில்லையா' என்று நினைக்கலாம். அல்லது 'அதை நானே தருகிறேன்' என்று முன்வரலாம். இரண்டாவது இன்னும் சங்கடமானது. அப்படி அவர் தொலைபேசியில் கேட்டால், 'ஐயா, அங்கே வாக்குக் கொடுத்துவிட்டேன்' என்ற பதில் போதும். வாக்கைக் காப்பவன் என்று நம்மைப் பற்றி அவர் எண்ணுவதில் நமக்கு நஷ்டமில்லை. போபால் நிறுவனத்தின் பெயரையும் அவராகக் கேட்டாலன்றிச் சொல்ல வேண்டியதில்லை. 'பிற்காலத்தில் தங்களிடமே வருவேன்' என்ற வாக்குறுதியும் வேண்டாம். அதை எழுதுபவரும் நம்புவதில்லை, படிப்பவரும் நம்புவதில்லை.

நன்றி கூறும் இடத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. 'தங்கள் அன்புக்கு நன்றி' என்பதை யாருக்கும் எழுதலாம். அந்த அரைமணி நேரக் காகிதக் கணக்கை அவர் ஒருவருக்குத்தான் எழுத முடியும். உறவு நீடிக்குமானால் அந்த ஒரு வரியால்தான் நீடிக்கும். தமக்குத் தெரிந்த தகுதியான நண்பர் ஒருவர் உண்மையாகவே இருந்தால், அவரைக் கேட்டுக்கொண்டு, அவர் பெயரையும் ஒரு வரியில் குறிப்பிடலாம். ஒப்புக்கு ஒரு பெயரைச் சொல்லுதல் வேண்டாம்.

நாகபுரி வேலைக்கு ஏற்கெனவே சம்மதம் அனுப்பியிருந்தால் என்ன செய்வது? அப்போது கடிதத்தின் தன்மையே மாறுகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, நம் சம்மதம் எதிர்த்தரப்பாருக்குத் தெரியவரும்வரைதான் அதைத் திரும்பப் பெற முடியும். தபாலில் போட்ட சம்மதக் கடிதம் வழியில் இருக்கும்போதே வேறு வழியில் விரைந்து செய்தி அனுப்பி அதை ரத்து செய்யலாம். மின்னஞ்சலில் அந்த இடைவெளி அநேகமாக இல்லை. ஆகையால் 'ஏற்க இயலவில்லை' என்று எழுதுவது பொருந்தாது; 'ஒப்புக்கொண்ட பணியிலிருந்து என்னை விடுவித்து உதவ வேண்டுகிறேன்' என்றுதான் எழுத வேண்டும். இத்தகைய வேலையில் வந்து சேரும்படி நீதிமன்றம் ஒருவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் நஷ்ட ஈட்டுக்கு இடமுண்டு. எனவே எழுதுமுன் கையொப்பமிட்ட தாளை எடுத்து, முன்னறிவிப்புக் காலம் பற்றியோ பணம் கட்டுவது பற்றியோ நிபந்தனை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதைவிட, மூலச் சான்றிதழ்களைக் கேட்டு வாங்கப் போகும் அந்தச் சனிக்கிழமைக்குக் காத்திராமல், அன்றே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது.