செயலி ஒன்றைச் செய்யுமுன் எழுத வேண்டிய வரம்பு அறிக்கை

 

நம் பிள்ளைகளில் சிலர் இன்று கணிப்பொறி படித்துவிட்டு, கைபேசிச் செயலி செய்து தரும் வேலையைத் தாமே ஒப்புக்கொள்ளத் தொடங்கியுள்ளனர். இவ்வேலையில் அவர்களுக்கு இழப்பு நேர்வது பெரும்பாலும் நிரல் எழுதத் தெரியாமையால் அன்று. ஒரு தொகை பேசி வேலையைத் தொடங்குவர். "இதையும் சேர்த்துக் கொடுங்கள்" என்ற சொல் வாரந்தோறும் வரும். மூன்று மாத வேலை எட்டு மாதமாகும். முடிவில் பாதித் தொகை நின்றுபோகும். வேலை எப்போது முடிந்தது என்பதை இரு தரப்பாரும் முதலிலேயே எழுதி ஒப்புக்கொள்ளாமையே இதற்குக் காரணம். அவ்வாறு எழுதப்படுவதைத் திட்ட வரம்பு அறிக்கை என்பர். அதனை எழுதும் முறையை ஓர் எடுத்துக்காட்டின் வழியே இன்று சொல்ல விரும்புகிறேன்.

ஓர் ஊர்ப் படிப்பகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். 850 நூல்கள், ஏறத்தாழ 200 உறுப்பினர்கள், பொறுப்பாளராக ஓர் அம்மையார். நூல் கொடுப்பதையும் திரும்பப் பெறுவதையும் கைபேசியிலேயே பதிவு செய்ய ஒரு செயலி வேண்டும் என்கின்றனர். கல்லூரியில் பயிலும் இரு இளைஞர்கள் ரூ.45,000க்கு ஒப்புக்கொள்கின்றனர். ஜூன் 1இல் தொடக்கம். ஆகஸ்ட் 15இல் திறப்பு விழா.

அறிக்கையில் முதலில் வருவது ஒப்படைப்புகள். ஒப்படைப்பு என்றால் கையில் கொடுக்கக்கூடிய, கண்ணால் பார்த்து "வந்து சேர்ந்தது" என்று சொல்லக்கூடிய பொருள். "படிப்பகப் பணியை எளிமையாக்குதல்" ஒப்படைப்பு ஆகாது, அது நோக்கம். "நூற்பெயராலும் ஆசிரியர் பெயராலும் தேடி, நூல் உள்ளதா வெளியே சென்றுள்ளதா எனக் காட்டும் ஆண்ட்ராய்டு செயலி" என்பது ஒப்படைப்பு. நம் எடுத்துக்காட்டில் நான்கு போதும். உறுப்பினர் தேடும் பகுதியும் பொறுப்பாளர் பதிவு செய்யும் பகுதியும் அடங்கிய செயலி. தமிழில் இரண்டு பக்கப் பயன்பாட்டுக் குறிப்பு. அரை நாள் பயிற்சி. மூல நிரலும் கணக்குகளின் கடவுச்சொற்களும். இந்த நான்காவதைப் பலர் எழுத மறந்துவிடுகின்றனர். செய்தவர் பிற்பாடு வெளியூர் வேலைக்குப் போய்விட்டால், செயலியில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாமல் படிப்பகம் திண்டாடும்.

ஒவ்வோர் ஒப்படைப்புக்கும் அருகே, அது சரியாக உள்ளது என்று எதைக்கொண்டு ஏற்பது என்பதையும் எழுத வேண்டும். "செயலி நன்றாக இயங்க வேண்டும்" என்பது பயனற்ற வாக்கியம். நன்று என்பதற்கு ஆளுக்கோர் அளவுகோல். "பொறுப்பாளர் அம்மையார், பிறர் உதவியின்றி, இணையத் தொடர்பு இல்லாத நிலையில் பத்து நூல்களைக் கொடுத்துப் பத்து நூல்களைத் திரும்பப் பெற்றுப் பதிவு செய்ய வேண்டும், தொடர்பு வந்தபின் இருபது பதிவுகளும் பட்டியலில் சரியாக இருக்க வேண்டும்" என்று எழுதினால், அரை மணி நேரத்தில் சோதித்துவிடலாம்.

அடுத்தது விலக்குகள். அறிக்கையில் நான் மிகுந்த மதிப்புத் தருவது இப்பகுதிக்கே. வீடு கட்டும் கொத்தனாரிடம் கூலி பேசும்போது, பூச்சு வேலை சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்கிறோம் அல்லவா? அதுபோன்றதே இது. ஆனால் சேராத அனைத்தையும் எழுதுவதன்று விலக்கு. இயல்பாக ஒருவர் "இதுவும் உண்டு" என்று எதிர்பார்க்கக்கூடியவற்றை மட்டும் எழுத வேண்டும். படிப்பகச் செயலியில் சமையல் குறிப்பு இல்லை என்று யாரும் எழுத வேண்டியதில்லை.

நம் செயலிக்கு அத்தகைய எதிர்பார்ப்புகள் எவை? முதலாவது ஐபோன். உறுப்பினர் நாலைந்து பேரிடம் அது இருக்கும், அவர்கள் கேட்பார்கள். ஆண்ட்ராய்டுச் செயலியை வெளியிடக் கூகுள் நிறுவனத்துக்கு ஒரே ஒருமுறை 25 டாலர் கட்டினால் போதும். ஆப்பிள் நிறுவனத்துக்கோ ஆண்டுதோறும் 99 டாலர் கட்ட வேண்டும். ஆகவே "ஐபோனுக்கான செயலி இத்திட்டத்தில் இல்லை."

இரண்டாவது, நூலைத் திருப்பித் தர நினைவூட்டும் குறுஞ்செய்தி. கேட்பதற்கு மிகச் சிறிய வசதி. ஆயினும் நம் நாட்டில் ஓர் அமைப்பு செயலி வழியே தொகுதியாகக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டுமானால், 2018ஆம் ஆண்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைய விதிகளின்படி, அமைப்பின் பெயரையும் அனுப்பப்போகும் செய்தியின் வாசகத்தையும் முன்னதாகப் பதிவு செய்தாக வேண்டும். அதற்குக் கட்டணமும் உண்டு. ஒவ்வொரு செய்திக்கும் காசும் உண்டு. அது இளைஞர்கள் முடிக்கக்கூடிய வேலையும் அன்று. படிப்பகத்தின் ஆவணங்கள் வேண்டும். ஆகவே அதுவும் விலக்கு.

மூன்றாவது சற்று நுட்பமானது. "ஒரே வேளையில் இரண்டு கைபேசிகளிலிருந்து நூல் வழங்கலைப் பதிவு செய்யும் வசதி இல்லை" என்று எழுத வேண்டும். இணையத் தொடர்பு இல்லாத நேரத்தில் இரு கைபேசிகளில் ஒரே நூலை இருவர் பெயருக்குப் பதிந்துவிட்டால், தொடர்பு வந்ததும் எந்தப் பதிவை ஏற்பது? இதற்கு விடை காணும் நிரல், மற்ற நிரல் முழுவதையும்விடத் தொல்லை தரக்கூடும். அம்மையார் ஒருவரே பதிவு செய்யும் படிப்பகத்துக்கு அது வேண்டியதில்லை. இந்த ஒரு வரி பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தும்.

நான்காவது, பிற்காலப் பராமரிப்பு. ஒப்படைத்த நாளிலிருந்து முப்பது நாள்வரை பிழைகளைக் கட்டணமின்றித் திருத்துவர், அதன்பின் இல்லை. இங்கே பிழை எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறிக்கையில் எழுதியபடி இயங்காதது பிழை. அறிக்கையில் இல்லாத ஒன்று வேண்டும் என்பது புதிய வேலை.

விலக்கு என்பது மறுப்பன்று. "இப்போது இல்லை, வேண்டுமெனில் தனியே பேசுவோம்" என்பதே அதன் பொருள். இதனைப் படிப்பகத்தாருக்கு வாயாலும் சொல்லிவிடுவது நல்லது. எழுத்தில் மட்டும் கண்டால் மனம் வருந்துவர்.

இனி அனுமானங்களும் கட்டுப்பாடுகளும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வோர் பலர். கட்டுப்பாடு, ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்த எல்லை, தொகை ரூ.45,000 என்பது போல. அனுமானம், உண்மையாகவே இருக்கும் என்று நம்பி, இன்னும் சரிபார்க்காமல் நாம் சார்ந்திருக்கும் செய்தி. அது பொய்த்துவிட்டால் யார் என்ன செய்வது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அனுமானத்துக்குப் பயன் உண்டு.

நம் எடுத்துக்காட்டில் பெரிய அனுமானம் ஒன்று யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்கிறது. 850 நூல்களின் விவரத்தைக் கணிப்பொறியில் ஏற்றுபவர் யார்? இளைஞர்கள் படிப்பகம் தரும் என்று எண்ணியிருப்பர். படிப்பகத்தார் செயலியோடு அதுவும் வரும் என்று எண்ணியிருப்பர். ஒரு நூலுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 1,700 நிமிடம். இருபத்தெட்டு மணி நேரத்துக்கும் மேல். ஆகவே இப்படி எழுதலாம்: "நூற்பட்டியலை எக்செல் தாளில் படிப்பகம் ஜூன் 20க்குள் தரும் என்று கொள்ளப்படுகிறது. தாமதமானால், தாமதமான நாள்கள் அளவுக்கு ஒப்படைப்பு நாளும் தள்ளிப்போகும். இளைஞர்களே ஏற்ற வேண்டுமெனில் அதற்குத் தனித்தொகை." இதைப் படித்தவுடன் படிப்பகச் செயலாளர் ஆட்சேபிக்கக்கூடும். ஆட்சேபிக்கட்டும். ஜூன் மாதம் வரும் ஆட்சேபம், ஆகஸ்ட் மாதம் வரும் சண்டையைவிட மலிவானது.

கட்டுப்பாடுகளில் தொகையும் ஆளும் எளிதில் விளங்குவன. நாள்தான் ஏமாற்றும். ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 15 வரை 75 நாள்கள் உள்ளனவே என்று தோன்றும். ஆனால் 2023 நவம்பர் 13க்குப்பின் தொடங்கப்பட்ட தனிநபர் கணக்கிலிருந்து பிளே ஸ்டோரில் செயலியைப் பொதுமக்களுக்கு வெளியிடுமுன், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள்கள் அதன் சோதனையில் இணைந்திருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. பின்னர் வெளியிட அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதனை ஆராய ஒரு வாரம் எனக் கொள்வோம். அதன்பின் செயலியை ஆராயவும் ஒரு வாரம் ஒதுக்குவோம். ஆகஸ்ட் 15இலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒரு வாரம் கழித்தால் ஆகஸ்ட் 8. இன்னொரு வாரம் கழித்தால் ஆகஸ்ட் 1. பதினான்கு நாள் கழித்தால் ஜூலை 18. அன்று செயலி பன்னிருவர் கையில் இருந்தாக வேண்டும். ஆக, வேலைக்குக் கிடைப்பது 47 நாள்களே. ஏழு வாரம்கூட இல்லை.

கல்லூரி நேரம் போக, ஒருவர் வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைக்க முடியும் என்றால், இருவருக்கும் சேர்த்து ஏழு வாரத்துக்கு 168 மணி. நூற்பட்டியல் ஏற்றும் வேலையும் தலையில் விழுந்தால் அதில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். இக்கணக்கைப் போட்டுப் பார்த்தவுடன், நூலை முன்பதிவு செய்யும் வசதி இம்முறை முடியாது என்பது தெரியவரும். அதனை எடுத்து விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இவ்வாறு ஒரு பகுதியை எழுதும்போது இன்னொரு பகுதி மாறுவது இயல்பே. ஒரே மூச்சில் எழுதி முடித்த அறிக்கையை நான் நம்புவதில்லை. சோதனைக்குரிய 12 பேரைப் படிப்பகம் தன் உறுப்பினரிலிருந்து திரட்டித் தரும் என்பதும் இப்போது ஓர் அனுமானமாக எழுதப்பட வேண்டும்.

சட்டம் சார்ந்த கட்டுப்பாடு ஒன்றும் உண்டு. உறுப்பினரில் பலர் பள்ளிப் பிள்ளைகள். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவைக் கோருகிறது. ஆகவே பெயர், முகவரி, பிறந்த நாள் எதுவும் செயலியில் வேண்டாம். உறுப்பினர் எண் மட்டும் போதும்; எண்ணுக்குரியவர் யார் என்பது அம்மையாரின் பேரேட்டில் இருக்கட்டும்.

இவை அனைத்தும் மூன்று பக்கத்துக்குள் அடங்கிவிடும். இரு தரப்பாரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ள வேண்டும். அதன்பின்னும் மாற்றங்கள் வரும். ஜூலை முதல் வாரத்தில் "முன்பதிவு வசதி இருந்தால் நன்று" என்று செயலாளர் கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். முடியும், முடியாது என்று உடனே சொல்ல வேண்டாம். ஒரு தனித்தாளில், கேட்கப்பட்டது என்ன, அதற்கு வேண்டியது ஏறத்தாழ முப்பது மணி, இப்போதே சேர்த்தால் ஜூலை 18 தவறி விழாநாளும் தவறும், விழாவுக்குப்பின் சேர்த்தால் கூடுதல் தொகை இவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எதனைத் தேர்வது என்பதைச் செயலாளர் முடிவு செய்வார். அந்தத் தாளிலும் நாள் குறித்து இருவரும் கையொப்பமிட்டு, முதல் அறிக்கையோடு சேர்த்துத் தைத்துவிட வேண்டும்.