வக்கிரமும் சேட்டையும்: கோள்வலிமை குறித்த ஒரு விளக்கம்



‘வக்கிரம்’ என்றால் இன்று மனக்கோணலையும், ‘சேட்டை’ என்றால் குறும்பையும் எண்ணுகிறோம். சோதிட நூல்களிலோ வக்கிரம் என்பது வளைந்து பின்னோக்கும் நடை. சேட்டை என்பது இயக்கம். இவ்வேறுபாட்டை மறந்ததால், சாதகத்தில் ‘வ’ என்னும் குறியைக் கண்டவுடனே ஒரு திருமணப் பேச்சையே கைவிடுவோரும் நம்மிடையே உளர்.

கோள்களின் வலிமையை அளக்கும் ஆறு முறைகளுக்கு ஷட்பலம் என்று பெயர். அவற்றுள் நடையைக்கொண்டு அளப்பது சேஷ்டா பலம். எட்டு வகை நடைகளுள் வக்கிரத்திற்கே முழு அளவான 60 கூறுகள் தரப்படுகின்றன. இயல்பான சம நடைக்கோ ஏழரைக் கூறுகளே. பின்செல்லும் கோளுக்கு முதன்மை தருவது ஏன்?

விடை வானில் உள்ளது. செவ்வாய், வியாழன், சனி ஆகியவை கதிரவனுக்கு எதிர்ப்புறம் நிற்கும்போதே பின்செல்வனவாகத் தோன்றுகின்றன. அப்போது அவை புவிக்கு அண்மையில் வந்து, மிகுந்த ஒளியுடன், அந்தியில் எழுந்து இரவெல்லாம் விளங்குகின்றன. ஒளி மிக்க கோளை வலியற்றது என்று கொள்ள அந்நூலோர் உடன்படவில்லை.

ஒரு சான்று காண்போம். செவ்வாய் 2024 டிசம்பர் தொடக்கத்தில் கடகத்தில் வக்கிரம் அடைந்தது. 2025 ஜனவரி 16 அன்று அது கடகத்தின் 2ஆம் பாகையளவிலும், கதிரவன் நேர் எதிரே மகரத்தின் 2ஆம் பாகையளவிலும் நின்றன. இடைவெளி 180 பாகை. அதனை மூன்றால் வகுக்க வருவது 60. நுண்கணிதத்தில் சராசரி நிலைகளையும் சேர்ப்பதால் விடை சற்றே குறையும்.

ஆனால், கடகம் செவ்வாய்க்கு நீச வீடு. நீசத்தின் உச்சமான 28ஆம் பாகையிலிருந்து அது 26 பாகை விலகி நின்றமையால், உச்ச பலம் ஏறத்தாழ 9 கூறுகளே. ஒரே கோள், ஒரே நாள்: இடத்தால் மெலிவு, நடையால் வலிவு. நீசத்தில் வக்கிரமுற்ற கோள் உச்சத்திற்கு நிகராகும் என்று உத்தர காலாமிருதம் கொள்கிறது. ஷட்பலமோ ஒன்றை மற்றொன்றால் அழிக்காமல், இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டுகிறது.

இவ்விளக்கத்திற்கு எல்லையும் உண்டு. புதனும் வெள்ளியும் வக்கிரத்தின் நடுவில் கதிரவனோடு ஒட்டி நின்று அதன் ஒளியில் மறைகின்றன. அண்மை உண்டு, காட்சி இல்லை. அவற்றுக்கு அத்தங்கத நிலையையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும். கதிரவனுக்கும் திங்களுக்கும் வக்கிரமே இல்லை. இராகுவும் கேதுவும் என்றும் பின்செல்வன ஆதலின் இக்கணக்கில் இடம்பெறுவதில்லை.

வலிமை வேறு, நன்மை வேறு. சேஷ்டா பலம் ஒரு கோள் எவ்வளவு செய்ய வல்லது என்பதைக் கூறுமேயன்றி, நல்லது செய்யுமா என்பதைக் கூறாது. அதனை வீட்டாட்சியும் பார்வையும் கொண்டே நூலோர் துணிந்தனர். எனவே ‘வ’ என்னும் குறி முடிவன்று. கணக்கின் ஓர் உறுப்பே என்று கூறி அமைகின்றோம்.