கையால் எழுதிய மரண சாசனத்தைப் படியெடுப்பது எப்படி?
(நலன்புரிக் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



நம்ம தோட்டங்களிலிருந்து சின்ன வயதிலேயே கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர்கள் ஏராளம். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உழைத்து, சிறுகச் சிறுகச் சேர்த்து, ஒரு வீடோ கடையோ தேடிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணை மூடிய பிறகு, கொப்பித் தாளில் கைப்பட எழுதிய மரண சாசனம் ஒன்று பெட்டியிலிருந்து வெளியே வரும். "ஐயா, இதை விளங்குற மாதிரி எழுதித் தாங்க" என்று எங்களிடம் கொண்டு வருவாங்க. அப்படி வந்த ஒன்றைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறோம். சம்பந்தப்பட்டவர்களின் பெயரைச் சொல்ல மாட்டோம்.

கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா வந்தார். அவருடைய அண்ணன் கொட்டாஞ்சேனையில் வாடகைக் கடை நடத்தி, வெள்ளவத்தையில் ஒரு சின்ன வீடும் வாங்கியவர். மனைவி முன்னமே காலமாகிவிட்டார். ஒரு மகள், இரண்டு மகன்மார். மகன்மார் சாசனத்தைப் பார்த்து "நல்ல பிரதி" ஒன்று டைப் அடித்திருந்தார்கள். அதில் இந்த அம்மாவின் பெயரே இல்லை. கேட்டதற்கு, "அத்தை, அந்த இடம் வாசிக்க ஏலாது, அதான் விட்டுட்டோம்" என்று சொன்னார்களாம். கெட்ட எண்ணத்தில் செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் வாசிக்க முடியாததை விட்டுவிட்டு எழுதினால் அது படி ஆகாது. எழுதியவர் புதிய சாசனம் செய்த மாதிரி ஆகிவிடும்.

மூத்த மகனிடம் சொல்லி அசலைக் கொண்டுவரச் செய்தோம். அசலில் பேனை படக்கூடாது. கோடு போடவோ, கம்பி குத்தவோ, கிழிந்த இடத்தை ஒட்டவோ கூடாது. போட்டோப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியைப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். அசலை உடனே அவர் கையில் திருப்பிக் கொடுத்தோம். மரண சாசனம் யார் வசம் இருக்கிறதோ அவர், எழுதியவர் இறந்த பிறகு எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் அதை மாவட்ட நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம்.

பிறகு வரிக்கு வரி எழுதினோம். அசலில் ஒரு வரி எங்கே முடிகிறதோ, எங்கள் தாளிலும் அங்கேயே முடித்து, ஒவ்வொரு வரிக்கும் இலக்கம் போட்டோம். எழுத்துப் பிழை இருந்தால் பிழையோடேயே எழுதினோம். வெட்டிய சொல்லை "வெட்டப்பட்டுள்ளது" என்று குறித்தோம். வாசிக்க முடியாத இடத்தை "இங்கே சுமார் 2 சொல் தெளிவில்லை" என்று குறித்தோம். ஊகித்து நிரப்பவில்லை.

அப்படிப் பார்த்தபோதுதான் அந்த அம்மாவின் வரி கிடைத்தது. அது ஓரத்தில், வேறு மையில், பொடி எழுத்தில் இருந்தது: "தங்கச்சிக்கு நாலில் ஒரு பங்கு." பக்கத்தில் கையெழுத்து இல்லை. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அவருக்கு நாங்கள் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. ஓரத்தில் சேர்த்த வரி, சாட்சிகள் முன் கையெழுத்து வைப்பதற்கு முந்தியதா பிந்தியதா என்பதில்தான் அதன் தலைவிதி இருக்கிறது. ஆகவே "ஓரத்தில், வேறு மையில், கையெழுத்தின்றி" என்று படியில் அப்படியே எழுதினோம். அம்மாவுக்கு உதவி செய்கிறோம் என்று அதை நடுவில் கொண்டுவந்து எழுதியிருந்தால், அதுவும் மகன்மார் செய்த தவறுதான்.

அடுத்தது பங்குக் கணக்கு. மகளுக்கு அரைப் பங்கு, "மகன்மாருக்கு மூன்றில் ஒரு பங்கு" என்று எழுதியிருந்தது. வீட்டை 12 பங்கு என்று வைத்துப் பாருங்க. மகளுக்கு 6, மகன்மாருக்கு 4, ஆக 10. மீதி 2 பங்கு யாருக்கு என்று சொல்லவில்லை. தங்கச்சியின் 3 பங்கையும் சேர்த்தால் 13 ஆகிறது, வீட்டில் இருப்பதோ 12. "மகன்மாருக்கு" என்பது ஆளுக்கு மூன்றில் ஒன்று என்றால், தங்கச்சி இல்லாமலே 14 ஆகிவிடும். இதைச் சரிக்கட்டுவது எங்கள் வேலை இல்லை. மூன்று கணக்கையும் தனித் தாளில் எழுதி, "எது சரி?" என்று சட்டத்தரணிக்குக் கேள்வியாக வைத்தோம்.

பெயரிலும் சிக்கல் இருந்தது. "கடைச் சாமான் எல்லாம் சின்னவனுக்கு" என்று ஒரு வரி. இளைய மகனும் சின்னவன்தான். கடையில் கூட இருந்த மருமகப் பிள்ளையையும் வீட்டில் எல்லோரும் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்களாம். படியில் "சின்னவன்" என்று மட்டுமே எழுதினோம். இரண்டு பேரின் அடையாள அட்டைப் பெயரையும், என்ன உறவு என்பதையும் கேள்வித் தாளில் போட்டோம். கடை வாடகைக் கடை என்பதால், அதை யாருக்கும் எழுதிவைக்க முடியுமா என்பதும் ஒரு கேள்வி.

நிபந்தனை ஒன்றும் இருந்தது: "வீட்டை விற்கக் கூடாது, பிள்ளைகளுக்குப் பிறகு பேரப்பிள்ளைகளுக்கு." பழைய காலத்துச் சாசனங்களில் இப்படித் தலைமுறைக்கு எழுதிவைப்பது வழக்கம். 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இந்த வகையான கட்டுப்பாட்டை ஒழித்துவிட்டது. அப்படியானால் இந்த வரிக்கு இன்றைக்கு என்ன பெறுமதி? இதற்கும் சட்டத்தரணிதான் பதில் சொல்ல வேண்டும். செல்லாது போலத் தெரிகிறதே என்று அந்த வரியை விட்டுவிடக் கூடாது.

கடைசியில் கையெழுத்துகள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு முன் எழுதும் சாசனத்துக்கு 2 சாட்சிகள் வேண்டும். நொத்தாரிசு இல்லாமல் எழுதினால் 5 சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். இதில் நொத்தாரிசு இல்லை. நாலு பேரின் கையெழுத்தை வாசிக்க முடிகிறது, ஐந்தாவது கைநாட்டு, அதன் பெயர் கலங்கியிருக்கிறது. நாலாவது சாட்சி மூத்த மகனின் மனைவி. இந்த இரண்டையும் கேள்வித் தாளின் முதல் இடத்தில் எழுதினோம். ஏனென்றால் சாட்சி சரியில்லாவிட்டால் முழுச் சாசனமும் கேள்விக்குறியாகிவிடலாம். ஐந்தாவது ஆள் யார், இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று குடும்பத்தார் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். ஓரத்து வரி எப்போது எழுதப்பட்டது என்று சொல்லக்கூடியவர்களும் அந்தச் சாட்சிகள்தான்.

ஆக, சட்டத்தரணியிடம் போனது மூன்று தாள்: அசலின் போட்டோப் பிரதி, வரி இலக்கம் போட்ட படி, 8 கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் எந்தப் பக்கம், எந்த வரி என்று குறித்திருந்தோம். மகன்மாரும் மகளும் அத்தையும் ஒன்றாக உட்கார்ந்து படியை அசலோடு ஒப்பிட்டு, "சரி" என்று கையெழுத்து வைத்தார்கள். பங்கு யாருக்கு எவ்வளவு என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் இப்போது அவர்களுக்குள் சண்டை இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாள் இருந்தால், யாரும் "நல்ல பிரதி" எழுத முன் எங்களிடம் கொண்டு வாங்க. சட்டத்தரணிக்குக் காசு கட்ட வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். தலைமை அலுவலகம் கொழும்பு புதுக்கடையில் இருக்கிறது, வெளி மாவட்டங்களிலும் கிளைகள் உண்டு.