பதினெட்டு வயதில் பிரிக்க ஒரு மடல்



சிலப்பதிகாரத்திலே மாதவி கோவலனுக்கு இரண்டு கடிதங்கள் எழுதுகிறாள். முதலாவதை அவன் வாங்க மறுத்துவிடுகிறான். இரண்டாவது மதுரைக்குப் போகும் வழியில் கோசிகன் கையால் அவனை அடைகிறது. அதைப் படித்த கோவலன் ஒரு வியப்பான காரியம் செய்கிறான். மாதவி தனக்கு எழுதிய அந்த ஓலையின் வாசகம், தான் தன் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதற்கும் அப்படியே பொருந்துவதைக் கண்டு, அதையே அவர்களிடம் சேர்க்கும்படி கோசிகனிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். எழுதியவள் நினைத்தது ஒன்று. கடிதம் போய்ச் சேர்ந்த இடம் வேறொன்று. நாள் கடந்து படிக்கப்படும் எந்தக் கடிதத்துக்கும் இந்த இயல்பு உண்டு.

பதினெட்டு வயதில் பிரித்துப் படிக்கவென்று மகளுக்கு எழுதிவைக்கும் கடிதத்தைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். நேரு சிறையிலிருந்து இந்திராவுக்கு எழுதினார், மு. வரதராசனார் 'தங்கைக்கு', 'தம்பிக்கு' என்று நூல்களே தந்தார். அவை உடனே படிக்கப்படுவதற்கு எழுதியவை. நான் சொல்லும் கடிதத்தை எழுதும்போது, அதைப் படிக்கப்போகிறவள் இன்னும் உருவாகவில்லை. தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும் அந்தப் பதினெட்டு வயதுக்காரிக்கும் பெயரொன்றே பொது.

நானும் என் மனைவியும் அப்படியொரு கடிதம் எழுதினோம். எங்கள் மகள் 2007 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் பிறந்தாள். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பின் குடாநாட்டுக்குச் சாமான் கப்பலில்தான் வரும். அவளுடைய முதலாவது பிறந்தநாளுக்குக் கேக் செய்ய வசதியிருக்கவில்லை. கடதாசியும் பேனையும் இருந்தன.

எங்கள் முதல் வரைவில் 'வேண்டும்' என்ற சொல் பதினொரு இடத்தில் வந்தது. தமிழிலே இந்தச் சொல் பொல்லாதது. கோயிலில் கைகூப்பிச் சொல்வதும் வேண்டுதல்தான்; வகுப்பில் வாத்தியார் பிரம்போடு சொல்வதும் 'செய்ய வேண்டும்' என்பதுதான். ஆசையும் ஆணையும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. பழைய இலக்கணகாரர் வியங்கோள் வினைக்கு வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்று பொருள் பிரித்ததும் இந்தச் சிக்கல் தெரிந்துதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. "நீ சுகமாக இருக்க வேண்டும்" என்பது வாழ்த்து. "நீ டொக்டராக வேண்டும்" என்பது விதி. முன்னதை நிறைவேற்றுவது பிள்ளையின் கையில் இல்லை. பின்னதை நிறைவேற்றாவிட்டால் குற்றம் பிள்ளையின் தலையில் விழும்.

ஆகவே பதினொன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, "இது நடக்காவிட்டால் யாருக்குக் குற்றம்?" என்று கேட்டோம். பிள்ளைக்கென்று பதில் வந்ததையெல்லாம் வெட்டினோம். நான்கு மிஞ்சின. வெட்டியவற்றுள் சிலவற்றை இறந்தகாலத்தில் திருப்பி எழுதினோம். "நீ தமிழ் படிக்க வேண்டும்" என்றிருந்தது, "நீ தமிழ் படிப்பாய் என்று அப்பா அந்த நாளில் ஆசைப்பட்டார்" என்றாயிற்று. 'ஆசைப்படுகிறார்' என்றால் பதினேழு வருடம் கழித்தும் அது அவளை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். 'ஆசைப்பட்டார்' என்றால் அது ஒரு செய்தி. கேட்டுவிட்டுப் போகலாம்.

சீதனத்தைப் பற்றி எழுதுவதா என்று இரண்டு நாள் வாதித்தோம். யாழ்ப்பாணத்தில் பெண் பிள்ளை பிறந்தவுடன் காணிக் கணக்குப் பார்க்காத வீடு எது? கடைசியில் என் மனைவியே எழுதினாள்: "வளவு உன் பெயருக்கு எழுதப்படும். அது மாப்பிள்ளைக்கு அல்ல, உனக்கு." இதைவிடத் தெளிவாக நான் எழுதியிருக்க முடியாது.

ஆனால் ஒரு விடயத்தில் நாங்கள் ஒத்துப்போகவில்லை. அவள் இந்த மண்ணில் இருப்பாள் என்பது என் எதிர்பார்ப்பு. எங்காவது சண்டையில்லாத நாட்டில் இருப்பாள் என்பது தாயின் எதிர்பார்ப்பு. நான் இரண்டையும் பொதுவாகச் சேர்த்து, எங்கிருந்தாலும் நல்லாயிருப்பாய் என்ற மாதிரி ஒரு வசனம் எழுதிக் காட்டினேன்.

"இஞ்சருங்கோ, உதில நானும் இல்லை, நீங்களும் இல்லை. கலியாண வீட்டு வாழ்த்துமடல் மாதிரிக் கிடக்கு" என்றாள்.

அதனால் என் பந்தியை நான் என் கையெழுத்திலும், அவள் தன் பந்தியை அதற்குக் கீழே தன் கையெழுத்திலும் எழுதினோம். பெற்றோரின் எதிர்பார்ப்பு என்று நாம் ஒருமையில் பேசுகிறோம். பெரும்பாலான வீடுகளில் அது இரண்டாகத்தான் இருக்கிறது. பிள்ளைக்கு அது தெரிவதில் தீங்கில்லை என்பது என் கட்சி.

மீதிப் பக்கத்தை அன்றைய சங்கதிகளால் நிரப்பினோம். சங்கக்கடை வரிசை, குடும்ப அட்டை, மாலையானதும் அடங்கிவிடும் தெரு, பால்மா வாங்கக் கைக்குழந்தையோடு நின்ற மனைவிக்கு முன்னால் நின்ற ஒரு வயதான அம்மா தன் இடத்தை விட்டுக்கொடுத்தது. எழுதும்போது இவை வெறும் இட்டுநிரப்பல் போலத்தான் தோன்றின.

கடிதத்தைப் பேணுவதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. குண்டூசி துருப்பிடித்துக் கடதாசியைத் தின்னும் என்பதால் தாள்களை நூலால் கட்டினோம். காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வைக்கும் பைக்குள் அதை வைத்தோம். எங்களூரில் ஓட நேர்ந்தால் முதலில் கைக்கு வருவது அந்தப் பைதான். 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து நாங்கள் புறப்பட்டபோது எங்கள் வீட்டிலிருந்து மிஞ்சிய எழுத்தென்று எதுவும் இருந்தால், அது அப்படியொரு பைக்குள் இருந்ததுதான். பிறக்குமுன் எடுத்த ஸ்கான் படமொன்றையும் உறைக்குள் வைத்திருந்தோம். அந்தக் கடதாசியில் படம் சூட்டினால் பதிவது, காலத்தோடு மங்கிவிடும். உறையைத் திறந்தபோது படம் ஏறக்குறையச் சாம்பல் நிறத் தாளாகியிருந்தது. பின்புறம் தாய் பென்சிலால் எழுதியிருந்த குறிப்பு மட்டும் அப்படியே இருந்தது: "தலை இடது பக்கம். கை முகத்தில்."

2025 மார்ச்சில் அவள் உறையைப் பிரித்தாள். எங்களூரில் பதினெட்டுக்குச் சடங்கு எதுவும் இல்லை. பெண் பிள்ளைக்குச் செய்வதையெல்லாம் பூப்பு நீராட்டோடு செய்துவிடுகிறார்கள். சட்டப்படி பராயமடைவதும் வாக்குரிமை பெறுவதும் இந்த வயதில்தான் என்பது பலருக்கு ஞாபகமே இல்லை. அன்று பின்னேரம் அவளுக்கு ரியூசன் வகுப்பும் இருந்தது.

என் பந்தியையும் தாயின் பந்தியையும் இரண்டு முறை படித்தாள். "இதுக்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தனீங்களோ?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றாள் தாய்.

"அப்ப நான் யோசிக்கலாம்" என்றுவிட்டு அடுத்த தாளைப் புரட்டினாள்.

அவள் அதிக நேரம் தங்கியது சங்கக்கடைப் பக்கத்தில்தான். வரிசை எந்தப் பக்கம் நின்றது, தன்னை யார் தூக்கியிருந்தது, அழுதேனா என்றெல்லாம் கேட்டாள். கோவலன் கையில் மாதவியின் ஓலை திரும்பியதுபோல, நாங்கள் எங்கள் ஆசைகளுக்காக எழுதிய கடிதம் அவள் கையில் வேறு பக்கம் திரும்பிவிட்டது. இடம் விட்டுக்கொடுத்த அந்த அம்மாவின் பெயரென்ன என்று கேட்டாள். எங்களுக்குத் தெரியாது. அந்தச் சங்கக்கடைப் பக்கம் போய், பழைய ஆட்களை விசாரித்து, அவரைக் கண்டுபிடிக்க வேணுமென்று அன்றிலிருந்து நின்று நச்சரிக்கிறாள். அந்த 'வேணும்' எந்த வகை என்று நான் இலக்கணம் பார்க்கவில்லை. வருகிற சனிக்கிழமை போவதாக இருக்கிறோம்.